35 பேரில் 21 பேர்

திருப்பூரில் பிசியோதெரபி கிளினிக் தொடங்கிய மூன்றாவது மாதம், என்னைப் பற்றி ஒரு புரொஃபைல் அச்சடித்தேன். பளபளப்பான தாளில் இரண்டு பக்கம். முதல் பக்கத்தில் 16 சிறப்புப் பிரிவுகள்: முதுகுவலி, கழுத்துவலி, முழங்கால், பக்கவாதம், விளையாட்டுக் காயம், குழந்தைகள் நலம், முகவாதம் என்று போய்க்கொண்டே இருக்கும். இரண்டாவது பக்கத்தில் நான் வாங்கிய சான்றிதழ்கள் எல்லாம் வரிசையாக. கீழே கொட்டை எழுத்தில் ‘95 சதவீதம் வெற்றி’. அதை எடுத்துக்கொண்டு ஊரில் உள்ள எலும்பு மருத்துவர்களை ஒவ்வொருவராகப் போய்ப் பார்த்தேன்.

பெரும்பாலானவர்கள் வாங்கி மேசையில் வைத்துவிட்டு ‘பாக்கலாம் தம்பி’ என்றார்கள். மூத்த மருத்துவர் ஒருவர் மட்டும், கடைசி நோயாளி போன பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு பக்கத்தையும் முழுசாகப் படித்தார்.

“தம்பி, இதுல பதினாறு இருக்கு. என்கிட்ட வர்ற ஆள்ல யாரை உங்ககிட்ட அனுப்பணும்னு மட்டும் இல்லை. அப்புறம் இந்த 95, எத்தனை பேர்ல?”

எனக்குப் பதில் தெரியவில்லை. கணக்கு எடுத்திருந்தால்தானே தெரியும்? ஏறக்குறைய எல்லாருக்கும் சரியாகிறது என்று மனதில் பட்டதை ஒரு எண்ணாக்கிப் போட்டிருந்தேன். பொய் சொல்லவேண்டும் என்று நினைத்துச் செய்ததில்லை. ஆனால் அந்த எண்ணை நம்பி ஒரு மருத்துவர் தன் நோயாளியை அனுப்பமுடியாது என்பது அவர் கேட்ட பிறகுதான் உறைத்தது.

அன்று இரவு, கிளினிக்கின் மூன்று மாத ஓ.பி. நோட்டைப் புரட்டிப் பார்த்தேன். முதுகுவலிதான் அதிகம். அடுத்து முழங்கால், அதற்கடுத்து தோள்பட்டை. பக்கவாதம் வந்து நடக்கப் பழகியவர் ஒரே ஒருவர். குழந்தைகள் யாருமே இல்லை. ஆனாலும் அந்த இரண்டும் என் சிறப்புப் பட்டியலில் இருந்தன. நாலரை வருட பி.பி.டி. பட்டப்படிப்பில் எல்லாவற்றையும் தொட்டுத்தான் வந்தோம். அதனால் எல்லாம் தெரியும் என்று எழுதுவது தப்பாகத் தோன்றவில்லை. ஆனால் சிறப்புப் பிரிவு என்று ஒன்றைச் சொன்னால், அந்த நோய் போன வருடம் எத்தனை பேருக்கு என் கையால் பார்க்கப்பட்டது என்றும் சேர்த்துச் சொல்ல முடியவேண்டும். இந்த ஒரு கேள்வியை வைத்தே என் 16 பிரிவுகளில் 13-ஐ அடித்துவிட்டேன்.

மிச்சம் இருந்ததில் தோள்பட்டையை முதலில் வைத்தேன். நான் எம்.பி.டி. படித்தது எலும்பு–மூட்டுப் பிரிவில். அதைவிடப் பெரிய காரணம் இந்த ஊர். ஓவர்லாக் மிஷினிலும் கட்டிங் டேபிளிலும் நாள் முழுக்கக் கையை நீட்டி வேலை பார்க்கிறவர்கள் நிறைந்த ஊர். நாற்பதைத் தாண்டியவர்களில் சர்க்கரை உள்ளவர்கள் நிறைய. சர்க்கரை இருப்பவர்களுக்கு உறைந்த தோள்பட்டை, அதாவது ஃப்ரோசன் ஷோல்டர், மற்றவர்களைவிட அதிகமாக வரும். வந்தால் லேசில் விடாது.

உறைந்த தோளை எடுத்துக்கொண்டதால்தான் ‘95 சதவீதம்’ ஏன் அர்த்தமில்லாதது என்று எனக்கு முழுதாகப் புரிந்தது. இந்த நோயில் மூட்டைச் சுற்றியுள்ள உறை அழற்சி கண்டு, தடித்துச் சுருங்குகிறது. முதல் சில மாதங்கள் கடும் வலி, முக்கியமாக ராத்திரியில். அடுத்த சில மாதங்களில் வலி குறைந்து இறுக்கம் நிற்கும். பிறகு மெதுவாக இளகும். முழுச் சுற்றுக்கு ஒன்றிலிருந்து மூன்று வருடம்வரை ஆகலாம். சிலருக்குக் கொஞ்சம் இறுக்கம் கடைசிவரை மிஞ்சுவதும் உண்டு. ஆனால் பெரும்பாலானவர்களுக்கு, யார் கை வைத்தாலும் வைக்காவிட்டாலும், காலப்போக்கில் நிலைமை நன்றாகத்தான் ஆகும்.

ஆக, ‘என்னிடம் வந்தவர்களுக்குச் சரியாகிவிட்டது’ என்று ஒரு பிசியோ சொன்னால் அவருடைய கைத்திறனைப் பற்றி எதுவும் தெரிவதில்லை. காலண்டர் நகர்ந்தது என்று மட்டும் தெரிகிறது. நோயின் போக்கை நன்றாக அறிந்த மருத்துவருக்கு இது தெரியும். வேறு விதமான கணக்கைத்தான் அவர் எதிர்பார்க்கிறார்: எந்த நிலையில் வந்தார், குறிப்பிட்ட ஒரு காலத்தில் எவ்வளவு மாறினார், கூடவே என்ன மருந்தோ ஊசியோ போனது, நடுவில் எத்தனை பேர் நின்றுவிட்டார்கள்.

அதற்கு அளக்கவேண்டும். நான் இரண்டே அளவுகளை எடுத்துக்கொண்டேன். ஒன்று, மூட்டு எத்தனை டிகிரி அசைகிறது என்று அளக்கும் கோனியோமீட்டர். உறைந்த தோளில் முதலில் அதிகமாகப் போவது வெளிப்புறச் சுழற்சி. முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்து, முன்கையை வெளிப்பக்கம் திருப்பும் அசைவு அது. அதைத்தான் முதலில் குறிப்பேன். ஒரே ஆள், ஒரே நோயாளியை, ஒரே நாளில் இரண்டு தரம் அளந்தால்கூட ஐந்து டிகிரி முன்னே பின்னே வரும். அதனால் ஐந்து டிகிரி கூடியதை முன்னேற்றம் என்று எழுதுவதில்லை.

இன்னொன்று ‘ஸ்பாடி’ கேள்வித்தாள். தோள் வலிக்கும் தோளால் வரும் இயலாமைக்குமான 13 கேள்விகள். ஐந்து வலியைப் பற்றி, எட்டு அன்றாட வேலைகளைப் பற்றி: தலை கழுவுவது, முதுகு தேய்ப்பது, உயரத்தில் ஒரு பொருளை வைப்பது மாதிரி. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 10 வரை மதிப்பெண். வலிக்கு ஒரு சதவீதம், வேலைக்கு ஒரு சதவீதம், இரண்டின் சராசரிதான் மொத்தம். எண் குறைந்தால் நல்லது. இதன் தமிழ் வடிவம் 2012-இல் முறையாகச் சோதிக்கப்பட்டு வெளிவந்திருக்கிறது. நாமே மனம்போனபடி மொழிபெயர்த்துக் கேட்டால் எண்ணுக்கு மதிப்பில்லை. நம் நோயாளிகளின் மொழியில் சரிபார்த்த ஒரு அளவுகோல் கையில் இருப்பது பெரிய விஷயம். இதை இன்னும் நிறையப் பேர் பயன்படுத்தவேண்டும் என்பது என் ஆசை.

ஒருவருடைய கணக்கை மட்டும் இங்கே முழுதாகச் சொல்கிறேன். ஐம்பதைத் தாண்டிய தையல்காரர் அம்மா ஒருவர். சர்க்கரை பல வருடமாக உண்டு. இடது தோளில் நான்கு மாத வலி. “தலைக்கு எண்ணெய் வெக்க முடியலைங்க சார், பொண்ணுதான் வெச்சு விடுது” என்றார். வெளிப்புறச் சுழற்சி 15 டிகிரி. நான் பிடித்துத் தூக்கினாலும் கை முன்பக்கமாக 95 டிகிரிக்கு மேல் போகவில்லை. ஸ்பாடியில் வலிப் பகுதி 50-க்கு 38, அதாவது 76 சதவீதம். வேலைப் பகுதியில் ஒரு சிறு சிக்கல். பின்பாக்கெட்டிலிருந்து ஒரு பொருளை எடுப்பது பற்றி மூலத்தில் ஒரு கேள்வி இருக்கிறது. சேலை கட்டுகிற அம்மாவிடம் அதை எப்படிக் கேட்பது? பொருந்தாத கேள்வியை விட்டுவிட்டு மொத்தத்தையும் குறைத்துக்கொள்ள விதியிலேயே இடம் இருக்கிறது. ஆகவே 80-க்குப் பதில் 70. அதில் அவருக்கு 49, அதாவது 70 சதவீதம். இரண்டின் சராசரி 73.

முதல் மூன்று வாரம் வலிக்கு உள்ளேயே நிற்கும் மென்மையான அசைவுகள், வீட்டுப் பயிற்சி, தூங்கும்போது கைக்கு அடியில் தலையணை. வலி உச்சத்தில் இருக்கும்போது இழுத்து முறுக்கினால் நிலைமை மோசமாகும். மூன்றாவது வார முடிவிலும் ராத்திரி வலி குறையவில்லை. அனுப்பிய மருத்துவருக்கு ஒரு கடிதம் எழுதினேன்: ‘மூன்று வாரத்தில் வெளிப்புறச் சுழற்சி 15-லிருந்து 20, அளவீட்டுப் பிழைக்குள்தான். இரவு வலி மாறவில்லை. மூட்டுக்குள் ஊசி பற்றி உங்கள் கருத்து வேண்டும். சர்க்கரை உண்டு.’ ஸ்டீராய்டு ஊசி போட்டால் சில நாட்களுக்கு ரத்தச் சர்க்கரை ஏறும் என்பதால் அந்தக் கடைசி வரி. அவர் சர்க்கரையைப் பார்த்துவிட்டு நான்காவது வாரம் ஊசி போட்டார். வலி இறங்கியது. அதற்குப் பிறகுதான் மூட்டை அழுத்தமாக அசைக்கும் சிகிச்சையைத் தொடங்க முடிந்தது.

ஆறாவது வாரம் ஸ்பாடி 49. பன்னிரண்டாவது வாரம் 28. வெளிப்புறச் சுழற்சி 40 டிகிரி. தலைக்குத் தானே எண்ணெய் வைத்துக்கொண்டார்.

இதை என் வெற்றி என்று எழுதலாமா? 73-லிருந்து 28-க்கு வந்ததில் ஊசிக்குப் பங்கு உண்டு, இயல்பாக இளகுவதற்கும் பங்கு உண்டு, என் சிகிச்சைக்கும் பங்கு உண்டு. எது எவ்வளவு என்று ஒரே ஒரு நோயாளியை வைத்துப் பிரிக்க முடியாது. அதனால் என் பதிவில் ‘நான்காவது வாரம் மருத்துவர் ஊசி போட்டார்’ என்பதற்குத் தனிக் கட்டம் இருக்கிறது. அதை மறைத்துவிட்டு எண்ணை மட்டும் காட்டினால், ஊசி போட்ட அதே மருத்துவர்தான் அதைப் படிப்பார்.

ஒரு வருடம் இப்படியே பதிவு செய்தேன். தொடங்குவதற்கு முன்பே இரண்டு விதிகளை எழுதிச் சுவரில் ஒட்டிக்கொண்டேன். ஒன்று, ‘உறைந்த தோள்’ என்று சீட்டோடு வருகிற ஒருவரைக்கூட விடாமல் எழுதவேண்டும். நன்றாக வருவார் என்று தோன்றுகிறவரை மட்டும் சேர்க்கக்கூடாது. இரண்டு, பன்னிரண்டு வாரத்தில் ஸ்பாடி 20 புள்ளிகளாவது குறைந்தால்தான் முன்னேற்றம். நோயாளியே வித்தியாசத்தை உணர்வதற்கு 8 முதல் 13 புள்ளிகள் போதும் என்று ஆய்வுகள் சொல்கின்றன. ஆனால் அளவீட்டுப் பிழை கிட்டத்தட்ட 18 வரை போகலாம் என்பதால் அதற்கு மேலே கோட்டைப் போட்டேன். முடிவைப் பார்த்த பிறகு கோட்டை நகர்த்தும் ஆசை யாருக்கும் வரும். அதனால்தான் முன்பே எழுதி வைத்தேன்.

வருட முடிவில் 38 பேர். அதில் மூன்று பேருக்கு உறைந்த தோளே இல்லை; அவர்களைத் திருப்பி அனுப்பினேன். சிகிச்சை தொடங்கியவர்கள் 35. நடுவில் நின்றுபோனவர்கள் 9. பன்னிரண்டாவது வாரம் அளக்க முடிந்தது 26 பேரை. 20 புள்ளிகளாவது குறைந்தவர்கள் 21.

இங்கேதான் மனம் தடுமாறியது. 26-இல் 21 என்றால் 81 சதவீதம். 35-இல் 21 என்றால் 60. இரண்டும் பொய் இல்லை. ஆனால் 81-ஐ மட்டும் எழுதினால், வராமல் போனவர்கள் காகிதத்திலிருந்தே காணாமல் போகிறார்கள். அந்த ஒன்பது பேரையும் போனில் கூப்பிட்டேன். ஆறு பேர் கிடைத்தார்கள். மூன்று பேர் வலி குறைந்துவிட்டதால் நின்றிருந்தார்கள். இரண்டு பேர் வேறு இடம் போயிருந்தார்கள். ஒருவர், “ஒரு நாள் வந்தா அரை நாள் கூலி போகுதுங்க” என்றார். அந்த வாக்கியத்தால்தான், இப்போது வாரம் மூன்று முறை வரச்சொல்வதை விட்டுவிட்டு, முடிந்தவர்களுக்கு ஒரு முறையாக்கி வீட்டுப் பயிற்சியைக் கூட்டியிருக்கிறேன். புரொஃபைலில் இப்போது இருப்பது இதுதான்: ‘தொடங்கிய 35 பேரில் 21 பேருக்கு 12 வாரத்தில் தெளிவான முன்னேற்றம், 5 பேருக்கு இல்லை, 9 பேர் இடையில் நின்றனர்.’

60 என்ற எண் யாரையும் பயமுறுத்தவில்லையா என்று நண்பர்கள் கேட்டார்கள். அதைப் படித்த மருத்துவர்கள் யாரும் 60-ஐப் பற்றிப் பேசவே இல்லை. அந்த ஐந்து பேருக்கு என்ன செய்தீர்கள் என்றுதான் கேட்டார்கள். பதில் இருந்தது. ஐந்து பேரையும் அளவுகளோடு அவரவர் மருத்துவரிடமே திருப்பி அனுப்பியிருந்தேன்.

திருப்பி அனுப்பிய அந்த மூன்று பேரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். இரண்டு பேருக்குத் தானாகக் கையைத் தூக்க முடியவில்லை. ஆனால் நான் தூக்கினால் முழுதாகப் போனது. உறைந்த தோளில் அப்படிப் போகாது. மூட்டு உறையே சுருங்கியிருப்பதால் யார் தூக்கினாலும் அதே இடத்தில் நிற்கும். இவர்களுக்குத் தசைநாண் கிழிசலாக இருக்கலாம் என்று எழுதி அனுப்பினேன். மூன்றாமவர் வலிப்பு வந்து விழுந்தவர். விழுந்ததிலிருந்து வெளிப்புறச் சுழற்சி கொஞ்சமும் இல்லை, கை உள்பக்கமாகவே பூட்டிக்கொண்டிருந்தது. வலிப்புக்குப் பிறகு தோள் பின்பக்கமாக விலகுவது உண்டு. நேர்முக எக்ஸ்ரேயில் அது கண்ணில் படாமல் போகலாம், பக்கவாட்டுப் படம் வேண்டும். தோளைத் தொடாமல் அன்றே அனுப்பிவைத்தேன். படம் எடுத்தபோது விலகல்தான். அதற்குப் பிறகு அந்த மருத்துவர் என்னிடம் சான்றிதழ் எதையும் கேட்டதில்லை. எதை நான் பார்க்கமாட்டேன், எப்போது திருப்பி அனுப்புவேன் என்பதற்கும் இப்போது புரொஃபைலில் நான்கு வரிகள் இருக்கின்றன.

சரி, சான்றிதழ்கள். பழைய பக்கத்தில் 14 இருந்தன. பாதிக்கு மேல் சனி, ஞாயிறு இரண்டு நாள் வகுப்புகள். ஹோட்டல் ஹாலில் அறுபது பேர் உட்கார்ந்து, ஒருவர்மேல் ஒருவர் பழகிப் பார்த்து, சாயங்காலம் எல்லாருக்கும் சான்றிதழ். அங்கே கற்றது உண்மைதான். ஆனால் ‘கலந்துகொண்டார்’ என்பதும் ‘தேர்வில் தேறினார்’ என்பதும் வேறு. படிக்கிற மருத்துவர் அந்த வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கட்டும் என்று விடாமல், நானே எழுதிவிட்டேன்: வகுப்பின் பெயர், எத்தனை மணி நேரம், செய்முறைத் தேர்வு இருந்ததா இல்லையா. இப்படி எழுதத் தொடங்கியதும் ஒன்பது சான்றிதழ்கள் தாமாகவே விழுந்துவிட்டன.

ஒவ்வொரு பயிற்சிக்கும் எதிரே இன்னொரு கட்டமும் வைத்தேன்: ‘இதற்குப் பிறகு சிகிச்சையில் என்ன மாறியது?’ இதை நிரப்புவதுதான் கஷ்டம். கல்லூரியில், வெளிப்புறச் சுழற்சி கூடவேண்டுமானால் தோள் பந்தை முன்பக்கமாக நகர்த்தவேண்டும் என்று படித்தோம். மூட்டின் வடிவத்தை வைத்துச் சொல்லும் விதி அது. பல வருடம் அப்படியே செய்தேன். 2007-இல் ஓர் அமெரிக்க ஆய்வு, உறைந்த தோள் உள்ள 20 பேரை இரண்டாகப் பிரித்துப் பார்த்தது. முன்பக்கம் நகர்த்திய குழுவுக்கு வெளிப்புறச் சுழற்சி சராசரியாக 3 டிகிரி கூடியது. பின்பக்கம் நகர்த்திய குழுவுக்கு 31 டிகிரி. சின்ன ஆய்வுதான், அதைப் பிடித்துக்கொண்டு கல்லில் செதுக்கமுடியாது. ஆனால் வித்தியாசம் என் ஐந்து டிகிரிப் பிழையைவிட எத்தனையோ மடங்கு பெரியது. நான் அதைக் கண்டுபிடித்தது எந்த வகுப்பிலும் அல்ல, ‘பெட்ரோ’ என்ற தளத்தில். பிசியோதெரபி ஆய்வுகளைத் திரட்டி, பல ஆய்வுகளுக்குத் தரப் புள்ளியும் போட்டு இலவசமாகத் தருகிற தளம். 1999-இலிருந்து சிட்னியிலிருந்து நடக்கிறது. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அதில் தோள் பற்றிப் புதிதாக என்ன வந்திருக்கிறது என்று தேடுவேன். இப்போது என் பக்கத்தில் ஒரு வரி: ‘வெளிப்புறச் சுழற்சிக்கு முன்நகர்வுக்குப் பதில் பின்நகர்வு. காரணம்: 2007 ஆய்வு. வரம்பு: 20 பேர் மட்டும்.’ இந்த வரிக்குச் சான்றிதழ் இல்லை. இருந்தும் இதுவரை அதிகம் பேர் கேள்வி கேட்டது இந்த வரியைப் பற்றித்தான். இரண்டு மருத்துவர்கள் அந்த ஆய்வின் பிரதியைக் கேட்டு வாங்கிக்கொண்டார்கள்.

இந்த ஊரிலும் எந்த ஊரிலும் புதிதாகத் தொடங்குகிற பிசியோக்களுக்குக் கமிஷன் கொடுத்து ஆள் பிடிக்கும் வழியையும் சிலர் காட்டுவார்கள். மருத்துவர்கள் அப்படி வாங்கக்கூடாது என்று இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002 ஒழுக்க விதிகளிலேயே இருக்கிறது. விதியை விடுங்கள். பணத்துக்காக அனுப்பப்பட்டவர் குணமாகாதபோது, அதை அந்த மருத்துவரிடம் எப்படி எழுதிச் சொல்வீர்கள்? மூன்றாவது வாரக் கடிதத்தை எழுதும் சுதந்திரமே போய்விடும்.

அந்த மாதிரிக் கடிதம் இப்போது ஒவ்வொரு நோயாளிக்காகவும் அவரை அனுப்பிய மருத்துவருக்குப் போகிறது. முதல் நாள் ஒன்று, ஆறாவது வாரம் ஒன்று, முடிவில் ஒன்று. ஐந்து வரிக்கு மேல் இருக்காது. அன்றைய அளவு, போன தடவை அளவு, என்ன செய்கிறேன், எது முன்னேறவில்லை, உங்களிடம் என்ன கேட்கிறேன். ஓ.பி. நடுவில் அரை நிமிடத்தில் படித்துவிடலாம். நோயாளியின் போட்டோவையோ வீடியோவையோ நான் எங்கும் போடுவதில்லை. புரொஃபைலில் வயதுகூட ‘ஐம்பதுகளில்’ என்றுதான் இருக்கும்.

‘எத்தனை பேர்ல?’ என்று கேட்ட மூத்த மருத்துவரிடம் முதல் வருடக் கணக்கைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். படித்துவிட்டு, மடித்து இழுப்பறையில் வைத்தார். அன்று ஒன்றும் சொல்லவில்லை. போன வாரம் அவரிடமிருந்து ஒருவர் சீட்டோடு வந்தார். வழக்கமாக அதில் ‘பிசியோ’ என்று ஒரு சொல்தான் இருக்கும். இந்தத் தடவை அவர் கையெழுத்தில் கூடுதலாக ஒரு வரி: ‘வெளிப்புறச் சுழற்சி 20 டிகிரி. நீங்களும் அளந்து பாருங்கள்.’

அளந்தேன். 25 வந்தது. பதில் கடிதத்தில், பிழை எல்லைக்குள்தான் இருக்கிறோம் சார் என்று எழுதி அனுப்பினேன்.